பெயரில் பங்கு, பொருளில் கடன்
முன்னுரிமைப் பங்குகளும் மாற்றத்தக்க முறிகளும் ஐந்தொகையில் எங்கே நிற்கின்றன?

கம்பனியொன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்க்கும் சாதாரண பங்குதாரர் ஒருவர் சில வேளைகளில் விசித்திரமான காட்சியொன்றைக் காண நேரிடுகின்றது. ‘முன்னுரிமைப் பங்கு’ என்று பெயரிடப்பட்டு, பங்குச் சான்றிதழும் வழங்கப்பட்டு, பங்கிலாபம் என்ற பெயரிலேயே ஆண்டுதோறும் பணம் பெற்றுவரும் ஒன்று, வங்கிக் கடனுக்கு அடுத்த வரியிலே கம்பனியின் பொறுப்புகளுள் ஒன்றாகப் பதியப்பட்டிருக்கின்றது. அதற்கு எதிர்மாறாக, கடன் பத்திரமாகவே விற்கப்பட்ட மாற்றத்தக்க முறியொன்றின் ஒரு பகுதி, பங்குதாரரின் உரிமை மூலதனத்தோடு சேர்த்துக் காட்டப்படுகின்றது. இது கணக்காளர்களின் கைவண்ணமா அல்லது இதற்கு நியாயமான அடிப்படை எதுவும் உண்டா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இக்கேள்வி கணக்காளர்களுக்கு மாத்திரம் உரியதன்று. ஓய்வுபெறும்போது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியையோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தையோ வங்கி வட்டியிலும் சற்றுக் கூடுதலான வருமானம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இத்தகைய பத்திரங்களில் இடுகின்றவர்கள் நம்மிடையே உள்ளனர். தம் கையிலிருப்பது கடனா, பங்கா என்பதை அறியாமல் இருப்பது அவர்களுக்கு ஆபத்தானது.

இரண்டு பத்திகள், இரண்டு உறவுகள்

ஒரு கம்பனிக்குப் பணம் கொடுத்தவர்கள் அடிப்படையில் இரு வகையினர். முதலாம் வகையினர் கடன் கொடுத்தோர். கம்பனி இலாபமீட்டினாலும் நட்டமடைந்தாலும் குறித்த நாளில் குறித்த தொகையைக் கேட்டு வாங்கும் உரிமை இவர்களுக்கு உண்டு. இரண்டாம் வகையினர் உரிமையாளர்கள். எல்லாருக்கும் கொடுத்து முடித்த பின் எஞ்சியிருப்பதே இவர்களுடையது. எஞ்சுவது அதிகமாயின் நன்மையும், ஒன்றும் எஞ்சாதாயின் நட்டமும் இவர்களையே சாரும்.

ஐந்தொகையின் இரண்டு பத்திகளும் இவ்விரு உறவுகளையே பிரித்துக் காட்டுகின்றன. சிக்கல் எழுவது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பத்திரங்களிலேயே. முன்னுரிமைப் பங்கை வைத்திருப்பவர் சட்டத்தின் பார்வையில் பங்குதாரர். ஆயினும் அவருக்குரிய பங்கிலாபம் பெரும்பாலும் குறித்த வீதத்தில் வரையறுக்கப்பட்டிருக்கும். மாற்றத்தக்க முறியை வைத்திருப்பவர் இன்று கடன் கொடுத்தவர். நாளை விரும்பினால் பங்குதாரர்.

இவற்றை வகைப்படுத்துவதற்கான விதி சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 32 இல் உள்ளது. அதனையொட்டிய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 32, 2012 ஜனவரி 1 முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பத்திரத்தின் சட்டப் பெயரையோ வடிவத்தையோ பார்க்காமல், அதன் ஒப்பந்தம் உண்மையில் எதைக் கட்டாயப்படுத்துகின்றது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

மறுக்கும் உரிமை கம்பனிக்கு உண்டா?

முன்னுரிமைப் பங்கைப் பொறுத்தவரை கேட்கவேண்டிய கேள்வி ஒன்றேயாகும். பணம் கொடுப்பதை நிபந்தனையின்றி மறுக்கும் உரிமை ஒப்பந்தப்படி கம்பனிக்கு உண்டா? உண்டெனில் அது உரிமை மூலதனம். இல்லையெனில் அது கடன்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஒரு கம்பனி 60 மில்லியன் ரூபாவுக்கு 8 வீத முன்னுரிமைப் பங்குகளை வழங்குகின்றது. ஐந்தாம் ஆண்டு முடிவில் 60 மில்லியன் ரூபாவையும் திருப்பிக் கொடுத்தேயாக வேண்டும், ஆண்டுதோறும் 4.8 மில்லியன் ரூபா பங்கிலாபமும் கட்டாயம் என்று வழங்கல் ஆவணம் கூறுகின்றது. இங்கே மறுப்பதற்கு எதுவுமில்லை. பெயர் பங்காயினும் இது ஐந்தாண்டுக் கடனே. பங்கிலாபம் என்று அழைக்கப்படும் 4.8 மில்லியனும் இலாப நட்டக் கணக்கில் வட்டிச் செலவாகவே கழிக்கப்படும்.

நிபந்தனையைச் சற்று மாற்றுவோம். ஐந்தாண்டின் பின் பணத்தைத் திருப்பிக் கேட்பதா, விடுவதா என்ற தெரிவு பங்கை வைத்திருப்பவரிடம் இருக்கின்றது. அவர் கேட்காமலும் இருக்கலாம். எனினும் கேட்டால் கம்பனியால் மறுக்க முடியாது. ஆகவே இதுவும் கடனே.

மேலும் ஒரு மாற்றம். திருப்பிக் கொடுக்கும் தெரிவு கம்பனியிடம் மட்டுமே உள்ளது. பங்கிலாபத்தையும் பணிப்பாளர் சபை அறிவித்தால் மாத்திரமே கொடுக்க வேண்டும். இப்போது முதலையும் மறுக்கலாம், பங்கிலாபத்தையும் மறுக்கலாம். இது உரிமை மூலதனம். இங்கு கொடுக்கப்படும் பங்கிலாபம் செலவு அன்று. அது இலாபத்தின் பகிர்வு.

நான்காவது வகை பலரையும் ஏமாற்றும். முதலைத் திருப்பிக் கொடுக்கவே வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் 4.8 மில்லியன் ரூபாவை முடிவில்லாமல் கொடுத்தேயாக வேண்டும். முதல் திரும்பாத பணம் மூலதனம்தானே என்று தோன்றும். ஆனால் சந்தை வட்டி 8 வீதமாக இருக்கையில், முடிவில்லாது தொடரும் 4.8 மில்லியன் ரூபாக்களின் இன்றைய பெறுமதி சரியாக 60 மில்லியன் ரூபாவாகும். கம்பனி பெற்ற தொகை முழுவதும் கட்டாயக் கொடுப்பனவுகளுக்குள்ளேயே அடங்கிவிட்டது. எனவே இது முற்றிலும் கடன்.

மூன்று தவறான எண்ணங்கள்

இவ்விதியை விளங்கிக்கொள்வதில் வழக்கமாக ஏற்படும் மூன்று தவறுகளைக் குறிப்பிடுதல் பொருத்தமானது.

முதலாவது, திரள் முன்னுரிமைப் பங்கு பற்றியது. இவ்வாண்டு கொடுக்காத பங்கிலாபம் அடுத்த ஆண்டுக்குச் சேர்ந்து நிலுவையாக நிற்குமாயின் அது கடன்தானே என்று பலர் வாதிடுவர். அது அவ்வாறன்று. நிலுவை சேர்ந்துகொண்டே போனாலும், அதைக் கொடுக்கும் நாளைத் தீர்மானிக்கும் உரிமை பணிப்பாளர் சபையிடமே இருக்குமாயின் கடப்பாடு எதுவும் தோன்றவில்லை. சாதாரண பங்குதாரருக்குக் கொடுப்பதற்கு முன் இந்நிலுவையைத் தீர்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் இம்முடிவை மாற்றாது. ஏனெனில் சாதாரண பங்குதாரருக்குக் கொடுக்காமல் விடும் உரிமையும் கம்பனிக்கு உண்டு.

இரண்டாவது, இயலாமையை உரிமையாகக் கருதுவது. நமது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, கம்பனியொன்று தனது பங்குதாரருக்குப் பணம் பகிர்வதாயின் கடன் தீர்க்கவல்ல நிலையில் இருக்க வேண்டும். அச்சோதனையில் தோற்ற கம்பனி பங்கிலாபம் கொடுக்க முடியாது. அப்படியாயின், கட்டாயப் பங்கிலாபம் கொண்ட பங்குகளும் மறுக்கக்கூடியவைதானே என்று கேட்கலாம். ஆனால் கொடுக்க வழியில்லாதிருப்பது வேறு, கொடுக்க வேண்டியதில்லை என்பது வேறு. கையில் பணமில்லாத கடனாளியின் கடன் கடனாகவே இருக்கின்றது. சட்டத் தடை கொடுப்பனவைத் தாமதிக்கச் செய்யலாம். ஒப்பந்தக் கடப்பாட்டை அழித்துவிடாது.

மூன்றாவது, வழக்கத்தையும் எண்ணத்தையும் வைத்துத் தீர்மானிப்பது. இருபது ஆண்டுகளாக ஓர் ஆண்டேனும் தவறாது பங்கிலாபம் கொடுத்துவந்த கம்பனி, இனியும் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. கொடுக்காமல் விட்டால் அதன் நற்பெயர் கெடும் என்பதும் உண்மையே. ஆயினும் நியமம் பார்ப்பது ஒப்பந்தத்தை மட்டுமே. கொடுக்கும் வழக்கம், கொடுக்கும் எண்ணம், கொடுக்காவிட்டால் வரும் பொருளாதார நெருக்கடி ஆகியவை பங்கைக் கடனாக்கா. இவ்விதியின் பலவீனமும் இங்கேதான் உள்ளது. ஐந்தாண்டின் பின் பங்கிலாப வீதம் 8 இலிருந்து 15 ஆக உயரும் என்று எழுதிவிட்டு, மீட்கும் தெரிவைக் கம்பனியிடமே விட்டுவைத்தால், ஐந்தாம் ஆண்டில் அக்கம்பனி எப்படியேனும் மீட்கவே முயலும். பொருளாதார நோக்கில் அது ஐந்தாண்டுக் கடன் போன்றதே. கணக்கிலோ அது உரிமை மூலதனம்.

ஒரே கம்பனிக்கு இரண்டு முகங்கள்

இந்த வகைப்படுத்தலால் நடைமுறையில் என்ன மாறிவிடும்? மேற்சொன்ன கம்பனியின் முழுச் சொத்து 200 மில்லியன் ரூபா என்று கொள்வோம். வங்கிக் கடன் 60 மில்லியன், முன்னுரிமைப் பங்கு 60 மில்லியன், சாதாரண பங்குதாரரின் மூலதனம் 80 மில்லியன்.

முன்னுரிமைப் பங்கு மூலதனமாகக் கருதப்பட்டால் கடன் 60, மூலதனம் 140. அதாவது ஒரு ரூபா மூலதனத்துக்கு 43 சதக் கடன். இது திடமான கம்பனி. அதே பங்கு கடனாகக் கருதப்பட்டால் கடன் 120, மூலதனம் 80. ஒரு ரூபா மூலதனத்துக்கு ஒன்றரை ரூபாக் கடன். இப்போது இது கடன் சுமந்த கம்பனி. சொத்தில் ஒரு ரூபாவேனும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

வங்கிகள் பெரிய கடன்களை வழங்கும்போது, கடன் மூலதனத்தை விஞ்சக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை விதிப்பதுண்டு. முதல் முகத்தில் அந்நிபந்தனை பேணப்படுகின்றது. இரண்டாம் முகத்தில் மீறப்படுகின்றது. மீறப்பட்டால் வங்கி முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமையைப் பெறக்கூடும். இலாபமும் மாறும். பங்கிலாபத்துக்கு முன்னர் 12 மில்லியன் இலாபம் காட்டிய கம்பனி, 4.8 மில்லியனை வட்டியாகக் கழித்தபின் 7.2 மில்லியனே காட்டும். மேலும், நிகரச் சொத்து கூறப்பட்ட மூலதனத்தின் அரைவாசிக்கும் கீழே வீழ்ந்தால் பணிப்பாளர்கள் பங்குதாரரின் விசேட பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும் எனக் கம்பனிகள் சட்டத்தின் 220 ஆம் பிரிவு கூறுகின்றது. பொறுப்புகளின் பத்தியில் ஒரு தொகை கூடினால் நிகரச் சொத்து அவ்வளவு குறையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவேதான் சில கம்பனிகளின் ஆலோசகர்கள் பத்திரத்தின் நிபந்தனைகளை எழுதும்போது ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கும் ‘லாம்’ என்ற விகுதிக்கும் இடையே இவ்வளவு கவனம் செலுத்துகின்றனர். ‘பங்கிலாபம் செலுத்தப்பட வேண்டும்’ என்பது கடன்; ‘பங்கிலாபம் செலுத்தப்படலாம்’ என்பது மூலதனம்.

மாற்றத்தக்க முறி: ஒரு பத்திரத்துள் இரண்டு

மாற்றத்தக்க முறியில் நிலைமை வேறு. இங்கே நியமம் ஒரே பத்திரத்தை இரண்டாகப் பிளக்கின்றது.

ஒரு கம்பனி 100 ரூபா முகப்பெறுமதியுள்ள 10 இலட்சம் முறிகளை வெளியிட்டு 100 மில்லியன் ரூபாவைத் திரட்டுகின்றது. காலம் மூன்றாண்டு, வட்டி ஆண்டுக்கு 6 வீதம். மூன்றாண்டு முடிவில் வைத்திருப்பவர் தம் 100 ரூபாவைத் திரும்பப் பெறலாம். அல்லது அதற்குப் பதிலாக 4 சாதாரண பங்குகளைப் பெறலாம். மாற்றும் வசதி இல்லாத சாதாரண முறியாயின் இதே கம்பனி சந்தையில் 12 வீத வட்டி கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

அப்படியாயின் முதலீட்டாளர் ஏன் பாதி வட்டிக்கு உடன்பட்டார்? பங்கு விலை 25 ரூபாவுக்கு மேல் ஏறினால் தாம் இலாபமடையலாம் என்ற உரிமைக்காகவே. உண்மையில் அவர் இரண்டு பொருட்களை ஒரே விலைக்கு வாங்கியிருக்கின்றார். ஒன்று கடன் பத்திரம். மற்றையது பங்கு வாங்கும் உரிமை.

இவற்றைப் பிரிக்கும் முறை எளிமையானது. முதலில் கடன் பகுதியைத் தனியே மதிப்பிட வேண்டும். முதலாம் ஆண்டு 6 மில்லியன், இரண்டாம் ஆண்டு 6 மில்லியன், மூன்றாம் ஆண்டு 106 மில்லியன். இவற்றை 12 வீதப்படி இன்றைய பெறுமதிக்குக் குறைத்தால் முறையே 5.36, 4.78, 75.45 மில்லியன் ரூபாக்கள் கிடைக்கும். கூட்டுத்தொகை 85.59 மில்லியன். இதுவே கடன். பெற்ற 100 மில்லியனில் எஞ்சிய 14.41 மில்லியன், மாற்றும் உரிமைக்காக முதலீட்டாளர் கொடுத்த விலை. அது உரிமை மூலதனத்தைச் சேரும்.

இதன் விளைவு பின்வரும் ஆண்டுகளில் தெரியவரும். முதலாம் ஆண்டில் கம்பனி கையிலிருந்து கொடுக்கும் வட்டி 6 மில்லியனே. ஆனால் இலாப நட்டக் கணக்கில் 85.59 மில்லியனுக்கு 12 வீதமாகிய 10.27 மில்லியன் செலவாகப் பதியப்படும். வேறுபாடாகிய 4.27 மில்லியன் கடனோடு சேர்ந்து, கடன் 89.86 மில்லியனாகும். இரண்டாம் ஆண்டு முடிவில் அது 94.64 மில்லியனாகி, மூன்றாம் ஆண்டு முடிவில் 100 மில்லியனை எட்டும். மலிவான கடன் என்று தோன்றியது உண்மையில் மலிவானதன்று, அதன் விலையின் ஒரு பகுதி பங்குகளாகக் கொடுக்கப்படுகின்றது என்பதை இக்கணக்கு வெளிச்சமிட்டுக் காட்டுகின்றது.

பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 இல், ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனம் கனடாவின் பெயார்பக்ஸ் குழுமத்தைச் சார்ந்த முதலீட்டு நிதியமொன்றுக்கு ஏறத்தாழ 27 பில்லியன் ரூபா பெறுமதியான மாற்றத்தக்க தொகுதிக்கடன்களை வழங்கியது. அதன் பின்னரான நிதியறிக்கைகளில், உண்மையாகக் கொடுத்த வட்டிக்கும் மேலாக, பணமாக வெளியேறாத கணக்கீட்டு வட்டியும் செலவாக இடம்பெற்றது. அதைக் கண்டு கம்பனி கூடுதல் வட்டிக்குக் கடன்பட்டுவிட்டது என்று எண்ணுவது தவறு. மேலே நாம் பார்த்த கணக்கே அங்கும் நடந்துள்ளது.

பங்கு நாணயமாகும்போது

மாற்றும் உரிமை மூலதனமாகக் கணிக்கப்படுவதற்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. குறித்த தொகைக்குக் குறித்த எண்ணிக்கையான பங்குகள் என்பதே அது. மேற்சொன்ன உதாரணத்தில் 100 ரூபாவுக்கு 4 பங்கு என்பது நிலையானது. பங்கு விலை 40 ரூபாவானால் அவருக்கு 160 ரூபா. 10 ரூபாவானால் 40 ரூபா. ஏற்றத்தையும் இறக்கத்தையும் உரிமையாளரைப் போலவே அவர் சந்திக்கின்றார்.

இதற்குப் பதிலாக, ‘முதிர்வு நாளில் 100 ரூபா பெறுமதியான பங்குகள் வழங்கப்படும்’ என்று எழுதப்பட்டிருந்தால்? பங்கு விலை 25 ரூபாவாயின் 4 பங்குகள், 10 ரூபாவாயின் 10 பங்குகள். விலை எதுவாயினும் அவருக்கு 100 ரூபாவே. கம்பனி ஒரு சதமேனும் பணமாகக் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் பங்கை நாணயம் போலப் பயன்படுத்தித் தன் கடனைத் தீர்க்கின்றது. எனவே இது முழுவதும் கடனே.

நாணய மாற்றும் இந்நிபந்தனையைக் குலைக்கலாம். ரூபாவில் கணக்கு வைக்கும் கம்பனியொன்று டொலரில் மாற்றத்தக்க முறியை வெளியிட்டால், ஒரு பங்குக்கு ஈடாக விட்டுக்கொடுக்கப்படும் கடன் டொலரில் நிலையானதாயினும் ரூபாவில் நிலையானதன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவானது. அத்தகைய முறியின் மாற்றும் உரிமை மூலதனமாகாது; அது பொறுப்பாகவே நின்று, ஒவ்வோர் அறிக்கை நாளிலும் மறுமதிப்பீடு செய்யப்படும்.

நமது வங்கிகளின் தொகுதிக்கடன்கள்

இவ்விதியை நம் வாசகர்கள் நேரடியாகச் சந்திக்கும் இடம் வங்கிகள் வெளியிடும் கீழ்நிலைத் தொகுதிக்கடன்களாகும். பாசல் மூன்று விதிகளுக்கு அமைய இலங்கை வங்கிகள் வெளியிட்டுவரும் இப்பத்திரங்கள், நிலையான வைப்பிலும் சற்றுக் கூடிய வட்டியைத் தருகின்றன. ஆனால் அவற்றின் வெளியீட்டு ஆவணத்தில், வங்கி தொடர்ந்து இயங்க முடியாத நிலையை அடைந்துவிட்டதாக மத்திய வங்கி தீர்மானித்தால் இத்தொகுதிக்கடன்கள் வாக்குரிமையுள்ள சாதாரண பங்குகளாக மாற்றப்படும் என்ற நிபந்தனை உள்ளது. மாற்றும் விலை, பொதுவாக, அத்தீர்மானத்துக்கு முந்திய மூன்று மாதச் சராசரிப் பங்கு விலையாகும்.

கணக்கீட்டு நியமத்தின்படி இது கடன். முதிர்வு நாளில் முதலையும், அதுவரை வட்டியையும் கொடுக்க வங்கி கடமைப்பட்டுள்ளது. மாற்றம் நிகழ்ந்தாலும் பங்குகளின் எண்ணிக்கை நிலையானதன்று. ஆனால் மத்திய வங்கியோ இதே தொகையை, உரிய வரையறைகளுக்கு உட்பட்டு, வங்கியின் இரண்டாம் அடுக்கு மூலதனமாக ஏற்றுக்கொள்கின்றது. முரண்பாடு போலத் தோன்றும் இது முரண்பாடன்று. கணக்காளர் கேட்பது ‘கொடுக்கும் கடமை உண்டா?’ என்பதை. மத்திய வங்கி கேட்பது ‘வங்கி வீழ்ந்தால் வைப்பாளருக்கு முன் நட்டத்தைத் தாங்குபவர் யார்?’ என்பதை. இரண்டாம் கேள்விக்கான விடை, அப்பத்திரத்தை வைத்திருப்பவர் என்பதாகும்.

பத்து இலட்சம் ரூபாவை இதில் இட்டவரைக் கவனிப்போம். மூன்று மாதச் சராசரி விலை 50 ரூபாவாயின் அவருக்கு 20,000 பங்குகள் கிடைக்கும். வீழ்ந்துகொண்டிருக்கும் வங்கியின் பங்கு அத்தீர்மான நாளில் 20 ரூபாவுக்கு வந்திருந்தால், அவர் கையில் இருப்பது 4 இலட்சம் ரூபாவே. அதன் பின்னர் மேலும் வீழ்ந்தால் அதுவும் அவர் தலையிலேயே விழும். இது வைப்பு அன்று. வைப்புக் காப்புறுதியும் இதற்குக் கிடையாது. ஐந்தொகையில் ‘கடன்’ என்ற பத்தியில் இருக்கின்றது என்பதால் மட்டும் ஒரு பத்திரம் பாதுகாப்பானதாகிவிடாது.

வேறொரு அளவுகோல்

பெயரை விடுத்துப் பொருளைப் பார்க்கும் இம்முறை கணக்கீட்டுக்கு மட்டும் உரியதன்று. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்களை வகுக்கும் பஹ்ரைனிலுள்ள அமைப்பின் ஷரீஆ நியமம், இலாபப் பகிர்விலோ கம்பனி கலைக்கப்படும்போதோ நிதி முன்னுரிமை தரும் பங்குகளை அனுமதிப்பதில்லை. பங்காளிகள் இலாப நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய இடத்தில், ஒருவருக்கு மட்டும் உறுதியளிக்கப்படுவது கூட்டாண்மையின் இயல்பைக் குலைக்கின்றது என்பது அதன் நியாயம். ‘பங்கு’ என்ற சொல்லைக் கண்டு வட்டி இல்லை என்று கருதும் முஸ்லிம் வாசகர்கள் இதனை மனங்கொள்ளல் வேண்டும். ஆயினும் இரு அளவுகோல்களும் ஒன்றல்ல. கணக்கீட்டு நியமத்தில் மூலதனமாகத் தேறும், பணிப்பாளர் விருப்பப்படி பங்கிலாபம் தரும் பங்கும் கூட, முன்னுரிமை உள்ளதாயின் அந்த அளவுகோலில் தேறாது.

எங்கே பார்ப்பது?

ஐந்தொகையில் உள்ள பத்தி ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றது: பணம் கொடுப்பதைக் கம்பனி மறுக்க முடியுமா, முடியாதா? கம்பனி வீழ்ந்தால் நீங்கள் வரிசையில் எங்கே நிற்பீர்கள், உங்கள் பத்திரத்தை வேறு யாரேனும் பங்காக மாற்றிவிட முடியுமா ஆகிய கேள்விகளுக்கு அதில் விடை இல்லை.

அவ்விடைகள் வெளியீட்டு ஆவணத்திலும், ஆண்டறிக்கையில் ஐந்தொகைக்குப் பின்னால் வரும் குறிப்புகளிலும் உள்ளன. அங்கே நான்கு விடயங்களைத் தேடினால் போதும். முதலைத் திருப்பிக் கொடுப்பது கட்டாயமா, கட்டாயமெனில் கேட்கும் உரிமை யாரிடம் என்பது முதலாவது. பங்கிலாபத்தை அல்லது வட்டியை நிறுத்தும் அதிகாரம் பணிப்பாளர் சபைக்கு உண்டா என்பது இரண்டாவது. மாற்றப்படும் பங்குகளின் எண்ணிக்கை இன்றே நிலையாக எழுதப்பட்டுள்ளதா, பின்னர் கணிக்கப்படுமா என்பது மூன்றாவது. மாற்றுவதைத் தீர்மானிப்பவர் நீங்களா, கம்பனியா, மத்திய வங்கியா என்பது நான்காவது.

முன்னுரிமைப் பங்கு உரிமை மூலதனமாகக் காட்டப்பட்டிருந்தால் கம்பனிக்கு அது பலம். வைத்திருப்பவருக்கோ, தமது பணத்தையும் பங்கிலாபத்தையும் கேட்டுப் பெறும் உரிமை இல்லை என்ற அறிவித்தல். கடனாகக் காட்டப்பட்டிருந்தால் கம்பனிக்கு அது சுமை. வைத்திருப்பவருக்கு அது உரிமை. ஒரு பக்கத்தின் வசதி மறுபக்கத்தின் இழப்பாக இருப்பதால், விற்பவர் எப்பெயரைச் சொல்லி விற்கின்றார் என்பதைக் காட்டிலும், எந்த வரியில் எதை மறுக்கும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டுள்ளார் என்பதையே வாங்குபவர் தேடிப் படிக்க வேண்டும்.